52 வயதில் மாதவிலக்கு நிற்கவில்லை, ஸ்கேனில் 13 மி.மீ. என்கிறார்கள்: கர்ப்பப்பையை எடுக்கணுமா?

கொலுசுக்கடை, 8 ஜூன் 2024, இரவு

எனக்கு 52 முடியப்போகிறது, மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. நின்றபாடில்லை என்பதைவிட இஷ்டத்துக்கு வருகிறது என்பதுதான் சரி. இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது, அப்புறம் மூன்று வாரத்துக்குள் திரும்ப வந்து நிற்கும். செவ்வாய்பேட்டையில் எங்கள் தெருவில் என் வயசுக்காரிகள் எல்லோருக்கும் 46, 47லேயே முடிந்துவிட்டது. "உனக்கு உடம்புல ரத்தம் ஊறுது, நல்லதுதானே" என்கிறார்கள்.

மே கடைசியில் அடிவயிற்று வலி என்று போனதில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு, எண்டோமெட்ரியம், 13 மி.மீ., தடித்திருக்கிறது என்று ரிப்போர்ட். அதைப் பார்த்த டாக்டர் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமலே, "பிள்ளை எல்லாம் பெத்தாச்சு, இனி அது எதுக்கு, எடுத்துடலாம், அடுத்த வாரம் அட்மிட் ஆகிடுங்க" என்றார். எதையும் கையால் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. 13 என்பது அவ்வளவு பெரிய நம்பரா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்க. பயமுறுத்துவதாக இருந்தாலும் பரவாயில்லை.

கண்ணங்குறிச்சி, 8 ஜூன் 2024, இரவு

4 மி.மீ.தான் அளவு. அதற்கு மேல் போனால் பயாப்ஸி எடுத்தே ஆகணும். என் நாத்தனாருக்கு 6 இருந்ததற்கே எடுத்தார்கள், அப்புறம் கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள், இப்போது நிம்மதியாக இருக்கிறாள். உங்களுக்கு 13 என்றால் யோசிக்கவே வேண்டாம் அக்கா. இல்லாவிட்டால் எஃப்எஸ்ஹெச் என்கிற ஹார்மோன் ரத்த டெஸ்ட் ஒன்று எடுங்க, நிற்கப்போகிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அஸ்தம்பட்டி_வாசி, 9 ஜூன் 2024, காலை

என் மனைவிக்கு 49. அவளுக்கும் இதே தொல்லை. இதை நிறுத்துவதற்கு மாத்திரை ஏதாவது இருக்கிறதா? மருந்துக்கடையில் கேட்டால் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள்.

கொலுசுக்கடை, 9 ஜூன் 2024, காலை

அண்ணா, நான் நிறுத்துவது எப்படி என்று கேட்கவில்லை. நிற்கிற நேரத்தின் ஆட்டமா, வேறு ஏதாவதா என்று கேட்கிறேன். மருந்துக்கடைக்காரர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பழைய சிஸ்டர், 9 ஜூன் 2024, மாலை

மகப்பேறு வார்டிலும் பெண்கள் ஓபியிலும் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கண்ணு, ஸ்கேன் எடுத்த தேதி என்ன, அதற்கு முன்னாடி எப்போது தீட்டு வந்தது, ஸ்கேனுக்கு அப்புறம் எப்போது வந்தது? இந்த மூன்று தேதி இல்லாமல் 13 என்ற நம்பரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாதவிலக்கு வந்துகொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்த உள்சவ்வு மாதத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். ரத்தம் நின்ற மறுநாள் 4, 5 இருக்கும். அடுத்தது வரப்போகிற வாரத்தில் 13 என்ன, 15, 16கூட இருக்கும். தடித்ததுதான் உதிர்ந்து வெளியே வருகிறது. அதனால் தடிமன் பார்க்கிற ஸ்கேனை ரத்தம் நின்ற இரண்டு மூன்று நாளைக்குள் எடுக்கணும். மாதவிலக்கு எப்போது வரும் என்றே தெரியாத உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு நேரம்தான் நம்பகமானது.

கண்ணங்குறிச்சி சொல்கிற 4 மி.மீ. கணக்கு பொய் இல்லை. ஆனால் அது மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் முழுசாக ஓடின பிறகு ரத்தம் பட்டவர்களுக்கு உண்டான கணக்கு. உங்கள் நாத்தனாருக்கு ஏற்கெனவே நின்றிருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நின்றிருந்தால் 6க்கு பயாப்ஸி எடுத்தது நியாயம்தான்.

எஃப்எஸ்ஹெச் இந்த வயசில் வேண்டாத செலவு. அது இந்த வாரம் 60 இருக்கும், அடுத்த மாதம் 9 இருக்கும். கருமுட்டைப் பை விட்டு விட்டு வேலை செய்கிற காலம் இது, ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது.

கொலுசுக்கடை, 10 ஜூன் 2024

சமையலறைக் காலண்டரில் பென்சிலால் சுழித்து வைக்கிற பழக்கம் இருக்கிறது, பால் கணக்குப் பக்கத்திலேயே. பார்த்து எழுதுகிறேன். ஜனவரி 11, அப்புறம் மார்ச் 2, அப்புறம் மார்ச் 24. ஏப்ரல் நடுவில் நாலைந்து நாள் பழுப்பாகக் கறை மட்டும், அதைத் தீட்டு என்று எண்ணுவதா என்று தெரியாமல் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மே மாதத்திலும் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. ஸ்கேன் மே 29. தீட்டு வந்தது ஜூன் 3. இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது, கட்டி கட்டியாக.

அதாவது ரத்தம் வருவதற்கு ஐந்து நாள் முன்னால் எடுத்த ஸ்கேனில் 13. சிஸ்டர் சொல்கிற கணக்குப்படி அது இருக்கவேண்டிய நம்பர்தான் போல. அந்த டாக்டர் தேதி கேட்கவே இல்லை என்பதுதான் இப்போது உறைக்கிறது.

சூரமங்கலம்_லேட், 10 ஜூன் 2024

எனக்கு 51. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு தகதகவென்று எரிந்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன், ஃபேனை ஐந்தில் வைத்தால் வீட்டுக்காரர் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுகிறார். எனக்கும் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப் போகிறது, வந்தால் மூன்று நாளில் முடிந்துவிடும், அதுவும் கொஞ்சமாக. நானும் ஸ்கேன் எடுக்கணுமா? எங்கள் அத்தை அசோகப்பட்டைக் கஷாயம் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

பழைய சிஸ்டர், 11 ஜூன் 2024

சூரமங்கலம் அம்மாவுக்கும் கொலுசுக்கடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், எல்லோருக்கும் உதவும்.

சூரமங்கலத்துக்கு இடைவெளி நீண்டுகொண்டே போகிறது, வரும்போது குறைவாக வருகிறது, நடுவில் கறை இல்லை, கூடவே எரிச்சலும் வியர்வையும். நிற்கப்போகிற காலம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 51 கொஞ்சம் லேட் என்றாலும் இயல்புக்குள்தான். 55ஐத் தாண்டியும் ஓடினால் காட்டணும். இப்போதைக்கு காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தால் போதும். கஷாயம் குடித்து அது நடுவில் ஏதாவது மாறினால், கஷாயத்தாலா உடம்பாலா என்று யாருக்கும் தெரியாமல் போகும், அவ்வளவுதான் என் ஆட்சேபம்.

கொலுசுக்கடைக்கு அப்படி இல்லை. மார்ச்சில் 22 நாளில் திரும்ப வந்ததையும் இரண்டு மாதம் தள்ளிப் போனதையும்கூட நான் பெரிசாக எடுக்க மாட்டேன். அந்த இரண்டு கேள்விக்குறிதான் எனக்கு உறுத்துகிறது. நடுவில் படுகிற கறையை "நிற்கப்போகிற வயசு" என்று தள்ளக்கூடாது. ஒரு வாரம் தாண்டியும் கட்டி கட்டியாகப் போவதும் அப்படித்தான். மூன்றாவது ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: வீட்டுக்காரரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுகிறதா? இதை ஓபியில் நாங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள், தாங்களாக ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அப்படிப் பட்டால் ஸ்கேனை விட முக்கியம் கர்ப்பப்பை வாயை விளக்கு வைத்துக் கண்ணால் பார்ப்பது. வாயில் வருகிற புற்றுநோய் ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்று நிம்மதியாகத் திரும்பிப்போய் ஒரு வருஷம் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 30 வயசுக்கு மேல் அந்தப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள்.

எடை, சர்க்கரை எப்படி?

கொலுசுக்கடை, 11 ஜூன் 2024

பொதுவில் கேட்டுவிட்டீர்களே சிஸ்டர் :) இல்லை, அப்படிப் படுவதில்லை. எடை 78. உயரத்தைக் கேட்காதீர்கள். சர்க்கரைக்கு ஆறு வருஷமாக மாத்திரை. பட்டறைக்குச் சுருள் கம்பி எடை போட்டுக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் இருக்கிற வேலை. எடைக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன், சரி, நீங்களே சொல்லுங்க.

கண்ணங்குறிச்சி, 11 ஜூன் 2024

நாத்தனாரிடம் கேட்டேன். அவளுக்கு 50லேயே நின்று இரண்டு வருஷம் கழித்து ரத்தம் பட்டதாம். நிற்பதற்கு முன்னால் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் ஒன்று: 13ஐச் சாதாரணம் என்று சொல்லிவிட்டு நாளைக்கு ஏதாவது இருந்தால்? எடுத்துப்போட்டால் பயமே இல்லையே. எனக்கு இன்னும் அதுதான் சரி என்று படுகிறது.

பழைய சிஸ்டர், 12 ஜூன் 2024

முதலில் எடைக் கேள்வி. ஒவ்வொரு மாதமும் இரண்டு ஹார்மோன் வேலை செய்யணும். ஈஸ்ட்ரோஜன் உள்சவ்வை வளர்க்கும். முட்டை வெளிவந்த பிறகு வருகிற புரோஜெஸ்டிரோன் அதைப் பக்குவப்படுத்தி, ஒழுங்காக உதிர வைக்கும். இந்த வயசில் பல மாதம் முட்டையே வெளிவராது, அப்போது இரண்டாவது ஆள் வேலைக்கு வராமல் முதல் ஆள் மட்டும் ஜல்லியைக் கொட்டிக்கொண்டே இருக்கிற ரோடு மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் தாங்காமல் கொட்டும், அதுதான் இரண்டு மாதம் தள்ளிப்போய் கட்டி கட்டியாக வருவது. இது எல்லோருக்கும் நடக்கும். ஆனால் உடம்புக் கொழுப்பும் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும், அதனால் எடை கூடினவர்களுக்கு வளர்ச்சிக்கு ஓய்வே இல்லை. வருஷக்கணக்கில் இப்படி வளர்ந்தால் சிலருக்கு சவ்வின் செல்கள் பெருகிப்போய், அதில் ஒரு பங்கு பேருக்குப் புற்றுநோய் வரை போகலாம். சர்க்கரை, குழந்தை இல்லாதவர்கள், நீர்க்கட்டி இருந்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் கூடுதல் கவனம்.

அதனால் கண்ணங்குறிச்சிக்குச் சொல்கிறேன்: 13 சாதாரணம், வீட்டில் இரு என்று நான் சொல்லவில்லை. 13ஐ வைத்துக் கர்ப்பப்பையை எடுக்காதே என்றுதான் சொல்கிறேன். 45க்கு மேல், ரத்தம் ஒழுங்கில்லை, நடுவில் கறை, எடை, சர்க்கரை. இவ்வளவு இருந்தால் ஸ்கேனில் 5 வந்தாலும் 15 வந்தாலும் உள்சவ்வில் இருந்து கொஞ்சம் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பணும். ஸ்கேன் தடிமனைத்தான் சொல்லும், அந்தச் சவ்வு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லாது. அதைப் பார்க்காமல் எடுத்துவிட்டு, பிறகு உள்ளே புற்றுநோய் இருந்தது தெரிந்தால் அதற்கான ஆபரேஷனே வேறு மாதிரி செய்திருக்கணும். இதற்காகவும்தான் முதலில் பயாப்ஸி.

இன்னொன்று, இது எல்லோருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைந்து, அது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தால், தலைசுற்றினால், அன்றைக்கே போகணும். ரத்த அளவு, தைராய்டு இரண்டும் பாருங்கள். சிரிக்காதீர்கள், சிறுநீரில் கர்ப்ப டெஸ்டும்.

சூரமங்கலம்_லேட், 12 ஜூன் 2024

52ல் கர்ப்ப டெஸ்ட். என் மருமகள் கார்டு வாங்கப் போகும்போது எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கிவரச் சொல்கிறேன், குடும்பமே மயங்கி விழட்டும்.

கொலுசுக்கடை, 18 ஜூன் 2024

ரத்தம் 14ஆம் தேதி நின்றது. வேறு ஒரு டாக்டரிடம் போனேன், பெண் டாக்டர், காலண்டரைக் கிழித்தே எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். அவர் அதைத்தான் முதலில் பார்த்தார். கர்ப்பப்பை வாயைப் பார்த்து ஸ்மியர் எடுத்தார். 16ஆம் தேதி உள்வழி ஸ்கேன். வயிற்றுக்கு மேல் வைத்து எடுக்கிறது மாதிரி தண்ணீர் குடித்து முட்டமுட்டக் காத்திருக்க வேண்டாம், சிறுநீர் போய்விட்டு வரச் சொல்கிறார்கள். கூச்சம்தான், ஆனால் இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது ஒன்றும் இல்லை.

தடிமன் 7. ஆனால் சீராக இல்லை, ஒரு பக்கத்தில் மட்டும் மேடாக இருக்கிறது, அதற்குள் ஒரே ஒரு ரத்தக்குழாய் போகிறது, பாலிப் என்கிற சதை வளர்ச்சியாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். முதல் ஸ்கேனில் 13க்குள் இது மறைந்து போயிருந்ததாம். எல்லாம் தடித்திருக்கும்போது நடுவில் ஒரு மேடு எப்படித் தெரியும் என்றார் டாக்டர். கூடவே சுவருக்குள் 2 செ.மீ. ஃபைப்ராய்டு ஒன்று. ரத்த அளவு 8.1. கர்ப்ப டெஸ்ட் நெகட்டிவ், சூரமங்கலம் அம்மா ஏமாற வேண்டாம்.

அஸ்தம்பட்டி_வாசி, 18 ஜூன் 2024

ஃபைப்ராய்டு என்றால் கட்டிதானே? அதுதான் ரத்தத்துக்குக் காரணம். என் மனைவிக்கும் 3 செ.மீ. இருக்கிறது. மாதவிலக்கு நின்றால் தானாகச் சுருங்கிவிடும் என்று படித்தேன், அதனால் காத்திருக்கிறோம்.

பழைய சிஸ்டர், 19 ஜூன் 2024

தம்பி, சுருங்கும் என்பது சரி. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். உள்சவ்வுப் பக்கம் புடைத்துக்கொண்டு இருந்தால் 1 செ.மீ. போதும், ரத்தத்தைக் கொட்ட வைக்கும். சுவருக்குள்ளேயே இருக்கிற 2 செ.மீ., வெளிப்பக்கம் தொங்குகிற 5 செ.மீ.கூடப் பேசாமல் இருக்கும். ஸ்கேனில் ஒரு கட்டி கிடைத்ததும் ரத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று மேற்கொண்டு தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள், அது எனக்குப் பிடிக்காத பழக்கம். உங்கள் மனைவியைக் காட்டுங்கள். அவரையே இங்கே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

மலைக்காப்பி, 2 ஜூலை 2024

ஏற்காடு நாகலூர் பக்கம், எஸ்டேட்டில் வேலை. 54 ஆகுது. மகளுடைய போனில் எழுதுகிறேன். எனக்குப் போன வருஷம் சித்திரைக்கு முன்னாடியே நின்றுபோச்சு. ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. போன வாரம் இரண்டு நாள் கொஞ்சமாகப் பட்டது, வலி இல்லை. லயத்தில் பெரியவர்கள், சூட்டுக்கு வந்திருக்கும், திரும்ப வருவது நல்லதுதான் என்கிறார்கள். இப்போது நின்றுவிட்டது. இந்த அக்காவுக்குக் கட்டி கட்டியாகப் போனதற்கே நிற்கிற வயசு என்கிறீர்கள், எனக்குத் துளிதான். எனக்கு ஒன்றும் இல்லைதானே?

பழைய சிஸ்டர், 2 ஜூலை 2024

இல்லை அம்மா, இந்தப் பக்கத்தில் முதலில் டாக்டரிடம் போக வேண்டியவர் நீங்கள்தான். பன்னிரண்டு மாதம் முழுசாக ஒன்றும் இல்லாமல் போனால் மாதவிலக்கு முடிந்தது என்று கணக்கு. அதற்குப் பிறகு வருவது மாதவிலக்கு திரும்பினது இல்லை, அதற்கு வேறு காரணம் இருக்கு. துளியா, பேடு நனைந்ததா, ஒரு நாளா இரண்டு நாளா, இதெல்லாம் பொருட்டே இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சவ்வு வற்றி மெலிந்து உராய்வதால் வருகிற சாதாரண விஷயம்தான். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டுகிற அடையாளமும் இதே துளிதான், அது சீக்கிரம் தெரிந்தால் ஆபரேஷனோடு முடிகிற நோய். நின்றுவிட்டதே என்று விடாதீர்கள். 4 மி.மீ. கணக்கு உங்களுக்குத்தான் பொருந்தும். வாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் ஓபி காலையில். முதல் பஸ்ஸில் இறங்கினால் சீட்டு வாங்கிவிடலாம். கேட்டால் "தீட்டு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி ரத்தம் பட்டது" என்று இந்த ஒரு வரியை அப்படியே சொல்லுங்கள். வயிறு வலி, அசதி என்று ஆரம்பித்தால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடலாம்.

மலைக்காப்பி, 3 ஜூலை 2024

ஒரு நாள் கூலி போகுமே. சரி, மேஸ்திரியிடம் கேட்கிறேன்.

கண்ணங்குறிச்சி, 5 ஜூலை 2024

மலைக்காப்பி அக்கா, கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். என் நாத்தனாருக்கும் இப்படித் துளிதான் பட்டது. நான் சேலத்தில்தான் இருக்கிறேன், ஓபிக்குத் துணை வேண்டுமானால் வருகிறேன், இங்கே எழுதுங்க.

கொலுசுக்கடை, 14 ஜூலை 2024

ஸ்மியர் நல்லபடியாக வந்தது. கேமரா விட்டுப் பார்த்து பாலிப்பை எடுத்துவிட்டார்கள், மீதிச் சவ்விலும் சுரண்டி பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். மெல்லிய குழாய் விட்டு ஓபியிலேயே சவ்வைக் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கிற முறையும் உண்டாம். அது சவ்வு முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும், ஒரு மூலையில் மட்டும் மேடு இருந்தால் அந்தக் குழாய் அதைத் தொடாமலே வந்துவிடலாம் என்பதால் எனக்குக் கேமரா. காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் அடிவயிறு இழுத்துப் பிடித்தது, லேசாகக் கறை. அவ்வளவுதான்.

மருமகள் ஆடி வருகிறதே, கோட்டை மாரியம்மன் கோவிலுக்கு என்ன செய்வது என்று கேட்கிறாள். வழக்கமாகத் தீட்டைத் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம் இல்லையா, அதைப் போடலாமா சிஸ்டர்?

பழைய சிஸ்டர், 14 ஜூலை 2024

பயாப்ஸி ரிசல்ட் கையில் வராமல் போடாதீர்கள். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது அந்த மாத்திரை கூடாது. அதுவும் ஒரு ஹார்மோன்தான். சாப்பிடுகிற வரை சவ்வைப் பிடித்து வைக்கும், நிறுத்தின இரண்டு மூன்று நாளில் கொட்டும். சேலத்தில் ஆடி முடிந்ததும் ஓபியில் "திடீர்னு ஜாஸ்தியா போகுது" என்று ஒரு கூட்டம் வரும், பாதிப்பேருக்கு இதுதான் காரணம், கேட்டால்தான் சொல்வார்கள். இப்போது பீரியட்ஸ் வருகிறவர்கள் யாராவது அதைப் போட்டால் காலண்டரில் அதையும் குறியுங்கள், இல்லாவிட்டால் அந்த மாதக் கணக்கு எதற்கும் உதவாது. காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சூரமங்கலம்_லேட், 15 ஜூலை 2024

அம்மனும் பெண்தானே, அவளுக்குத் தெரியாதா. எங்கள் வீட்டில் மாமியார் காலத்தோடு இந்த மாத்திரைப் பழக்கத்தை விட்டுவிட்டோம். வராத நாளில் போகிறேன், வந்தால் வாசலில் நின்று கும்பிடுகிறேன். யாரும் இதில் சண்டைக்கு வராதீர்கள்.

கொலுசுக்கடை, 29 ஜூலை 2024

ரிசல்ட். பாலிப் சாதாரணமானது. ஆனால் மீதிச் சவ்வில் செல் பெருக்கம் இருக்கிறது, கெட்ட மாற்றம் இல்லாத வகை. கெட்ட மாற்றம் இருந்திருந்தால் கர்ப்பப்பையை எடுப்பதுதான் சரியான வழி என்று டாக்டரே சொன்னார். இந்த வகை புற்றுநோயாக மாறுவது இருபது வருஷத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு, மருந்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். ஆகவே கண்ணங்குறிச்சி பயந்ததிலும் ஒரு நியாயம் இருந்தது, சிஸ்டர் சொன்னதிலும். 13ஐச் சாதாரணம் என்று நான் விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது, 13ஐப் பார்த்து அட்மிட் ஆகியிருந்தால் வேண்டாத ஆபரேஷன்.

இப்போது இரண்டு வழி. தினமும் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை, நாள் தவறாமல், குறைந்தது ஆறு மாதம். இல்லாவிட்டால் ஹார்மோன் லூப், உள்ளேயே வைத்துவிடுவது. லூப்தான் பலன் அதிகம் என்கிறார். எனக்கு மாத்திரை மறக்கும், சர்க்கரை மாத்திரைக்கே மருமகள் கத்தணும். லூப் பக்கம் சாய்ந்திருக்கிறேன், ஆனால் அதில் முதல் நாலைந்து மாதம் கறை பட்டுக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். கறை படுகிறது என்றுதானே இவ்வளவும் ஆரம்பித்தது. அது லூப்பின் கறையா, வேறு கறையா என்று எப்படிப் பிரிப்பது?

பழைய சிஸ்டர், 30 ஜூலை 2024

பிரிக்க முடியாது. அதனால்தான் ஆறு மாதத்தில் திரும்ப பயாப்ஸி, லூப் உள்ளே இருக்கும்போதே எடுக்கலாம். அதுவும் நல்லபடியாக வந்தால் இன்னொரு ஆறு மாதம் கழித்து ஒன்று. இரண்டும் சரியாக இருந்தால் விடுவார்கள். எடையைக் குறைத்தால் திரும்ப வருகிற வாய்ப்பு குறையும். ரத்த அளவு 8 இருக்கிறதே, இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு டீ குடித்துக்கொண்டு முழுங்காதீர்கள், பயனில்லை.

கொலுசுக்கடை, 11 ஆகஸ்ட் 2024

லூப் வைத்தாச்சு. வைக்கிற அந்த ஒரு நிமிடம் சுருக்கென்று இருந்தது. காலண்டரில் இப்போது புதுக் குறி, லூப் கறைக்கு ஒரு புள்ளி. மருமகள் "அத்தை, இது காலண்டரா கோலமா" என்கிறாள்.

அஸ்தம்பட்டி அண்ணா, உங்கள் மனைவி காட்டினாரா?

அஸ்தம்பட்டி_வாசி, 12 ஆகஸ்ட் 2024

நான் அவருடைய மனைவி. அவர் போனில் இருந்தே எழுதுகிறேன். ஃபைப்ராய்டு வெளிப்பக்கம்தானாம், அதனால் பிரச்சினை இல்லை. ரத்தம் அதிகம் போனதற்கு தைராய்டு காரணமாக இருக்கலாம் என்று மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். பயாப்ஸி பற்றிப் பேச்சே வரவில்லை. எனக்கு நடுவில் கறை இல்லை, ஆனால் எட்டு நாள் போகிறது. நானாகக் கேட்கணுமா?

பழைய சிஸ்டர், 12 ஆகஸ்ட் 2024

கேளுங்கள். 49 வயசு, எட்டு நாள், அதிகமாக. தைராய்டு சரியானால் குறையலாம், அதற்கு நேரம் கொடுப்பது தப்பில்லை. ஆனால் மூன்று மாதத்தில் குறையாவிட்டால் அடுத்தது பயாப்ஸிதானா என்று இப்போதே கேட்டு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில டாக்டர்கள் இப்போதே எடுக்கச் சொல்வார்கள். இதில் ஒரே பதில் இல்லை.

கொலுசுக்கடை, 25 ஆகஸ்ட் 2024

மலைக்காப்பி அக்காவைக் காணோமே? போனீர்களா?

மலைக்காப்பி, 1 செப்டம்பர் 2024

அம்மாவின் மகள் எழுதுகிறேன். போன மாதம்தான் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. ஸ்கேனில் 9 மி.மீ. வந்தது, அன்றைக்கே சவ்வு எடுத்து அனுப்பினார்கள். வாயில் ஒன்றும் இல்லை என்றார்கள். ரிசல்ட் இந்த வியாழன் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா எனக்கு ஒன்றும் இல்லை, பஸ் செலவு தண்டம் என்கிறார். ரிசல்ட் வாங்க அம்மாவும் வரணுமா, நான் மட்டும் போனால் தருவார்களா?

பழைய சிஸ்டர், 1 செப்டம்பர் 2024

ஓபி சீட்டு கையில் இருந்தால் பேப்பரைத் தருவார்கள். ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ கண்ணு. அடுத்து ஏதாவது செய்யணும் என்றால் அன்றைக்கே அட்மிஷன் தேதி வாங்கிவிடலாம். காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் எடுத்துக்கொள்.